வெடிப் புகை கண்ணைக் கரிக்கிறது, ஏக்யூஐ ‘மிதமானது’ என்கிறதே! யார் பொய் சொல்வது?

[திரையில்: பட்டாசுப் புகையில் மங்கிய தெருவிளக்கு]

தீபாவளி ராத்திரி மணி பத்து. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. போனை எடுத்துக் காற்றுத் தரக் குறியீடான ஏக்யூஐயைப் பார்த்தால் 132, ‘மிதமானது’. மறுநாள் சாயங்காலம் வானம் பளிச்சென்று இருக்கிறது. இப்போது பார்த்தால் 308, ‘மிக மோசம்’! கருவி பழுதா? இல்லை. இரண்டு எண்ணுமே சரி.

வணக்கம் மக்களே. பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தேசியக் காற்றுத் தரக் குறியீடு 2014-இல் அறிவிக்கப்பட்டது. எட்டு மாசுகள், ஆறு வகைகள், ‘நல்லது’ முதல் ‘தீவிரம்’ வரை. ஒவ்வொரு மாசுக்கும் தனி மதிப்பெண் போட்டு, இருப்பதிலேயே மோசமானதை அந்தக் கண்காணிப்பு நிலையத்தின் ஏக்யூஐ என்று அறிவிப்பார்கள். முடிந்தது, இனி சுவாரசியமான பகுதி.

ஆலந்தூர், மணலி மாதிரியான நிலையங்களின் அளவுகள் மணிக்கு மணி புதுப்பிக்கப்படும். ஆனால் பி.எம். 2.5 என்கிற நுண்துகளுக்கு ஏக்யூஐ போடும்போது அந்த ஒரு மணி நேர அளவை எடுக்கக் கூடாது; கடைசி 24 மணி நேர சராசரியைத்தான் எடுக்க வேண்டும். கிரிக்கெட்டில் இந்த ஓவரில் 20 ரன் போனாலும் ரன்ரேட் உடனே 20 ஆகிவிடாது அல்லவா, அதேதான்.

கணக்குப் போடுவோம். எளிமைக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். காலை வெடிகளையும் விட்டுவிடுகிறேன், வெடித்தவர்கள் கோபிக்க வேண்டாம். சாதாரண நேரத்தில் கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். இரவு 8 முதல் 2 வரை, ஆறு மணி நேரம், 400.

[திரையில்: மணிவாரி வரைபடம், அதன்மேல் நகரும் 24 மணிக் கட்டம்]

இரவு 10 மணிக்கு அந்தக் கட்டத்துக்குள் 400 இரண்டு தடவை, 40 இருபத்திரண்டு தடவை. சராசரி 70. சராசரி 61 முதல் 90 வரை ‘மிதமானது’; 70-க்கு ஏக்யூஐ 132. அதிகாலை 2 மணிக்கு ஆறு 400-உம் உள்ளே வந்துவிடும், சராசரி 130. 120-ஐத் தாண்டினாலே ‘மிக மோசம்’; 130-க்கு ஏக்யூஐ 308. இதில் வேடிக்கை என்னவென்றால், 2 மணிக்குப் புகை கலைந்தாலும் மறுநாள் இரவு 8 வரை எண் அப்படியே 308-இல் நிற்கும். அந்த ஆறு மணி நேரமும் இன்னும் கட்டத்துக்குள்தானே இருக்கிறது! வாரியத்தின் தினசரி அறிக்கையும் மாலை 4 மணி வரையிலான 24 மணி நேரக் கணக்குதான். ஆக, தீபாவளியன்று வரும் அறிக்கையில் அன்றைய ராத்திரிப் புகையே கிடையாது. அது மறுநாள் எண்ணில்தான் வரும். ‘இந்த வருஷம் காற்று பரவாயில்லை’ என்று அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாமாவுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

நீங்களே கணக்குப் போடுகிறீர்களா? சராசரி முதலில், குறியீடு பிறகு. இந்த வரிசையை மாற்றிப் பாருங்களேன்: 40-க்கு ஏக்யூஐ 66, 400-க்கு உச்சமான 500. அந்தந்த மணியின் ஏக்யூஐகளைச் சராசரி எடுத்தால் 175, ‘மிதமானது’. அளவுகளைச் சராசரி எடுத்தால் 308, ‘மிக மோசம்’. அதே தரவு, இரண்டு வகை தள்ளிப்போய்விட்டது! 120-க்கு மேல் அளவு ஏறும் வேகத்துக்கு ஏக்யூஐ ஏறாது, உச்சியில் 500-உடன் நின்றும்விடும்; அதனால் மோசமான மணிகளின் பாரம் குறைந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த தப்பு இது, ஏனென்றால் வரும் எண் நம்பும்படியே இருக்கும்.

ஓசோனுக்கு 24 மணி கூடாது, 8 மணிதான். அது வெயிலில் உருவாகிற வாயு. பகலில் ஏறி ராத்திரியில் இறங்கிவிடும். பகல் எட்டு மணி நேரம் 120, மீதி நேரம் 20 என்றால் 24 மணி சராசரி 53, ‘திருப்தி’. 8 மணி சராசரி 120, ‘மிதமானது’. தூங்கும் நேரத்தைச் சேர்த்துப் பகலை மறைப்பது என்ன நியாயம்? கார்பன் மோனாக்சைடுக்கும் 8 மணிதான்.

அப்புறம், கரண்ட் போய் கருவி நின்ற மணிகளைப் பூஜ்யமாக எடுக்காதீர்கள். விட்டுவிட்டு, இருப்பதற்கு மட்டும் சராசரி போடுங்கள். 24-இல் குறைந்தது 16 மணி அளவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு எண்ணே வரக் கூடாது. பைத்தானில் நேரம்வாரி அட்டவணைக்கு இந்த ஒரு வரி போதும்:

```
df["pm25"].rolling("24h", min_periods=16).mean()
```

சரி, இப்போது வெளியே போகலாமா என்று தெரிய ஏக்யூஐ வேண்டாம், மணிவாரி பி.எம். 2.5 வரைபடத்தைப் பாருங்கள். அமெரிக்கர்கள் இதற்கென்றே கடைசி 12 மணி நேரத்தை எடுத்து, காற்று சட்டென்று மாறும்போது புதிய மணிகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து ‘நவ்காஸ்ட்’ கணக்கிடுகிறார்கள். அதைத் தனி வீடியோவாகப் போடவா? கமெண்டில் சொல்லுங்கள்.