எண்ணெய் பாக்கெட்டின் எடை குறைந்தால் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம். மளிகைக் கடையில் ஒரு பொருளின் பாக்கெட் அளவு மாறும்போது, அந்த மாற்றத்தையும் அதனால் ஒரு கிலோவுக்கு ஆகும் விலையையும் வாடிக்கையாளருக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும் என்பதைச் சமையல் எண்ணெயை வைத்து இன்று விளக்க விரும்புகிறேன்.

ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். நம் நாட்டில் எண்ணெய், பிஸ்கட், தேயிலை, சோப்பு போன்ற பொருள்களை இன்னின்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகளின் இரண்டாம் அட்டவணை முன்பு வரையறுத்திருந்தது. 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டு, அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ ஆகும் அலகு விலையைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்றது. அதனால் 910 கிராம் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே, பார்வைக்கு அதே உயரமும் அகலமும் கொண்ட 850 கிராம் பாக்கெட்டை வைத்து விற்பது இன்று சட்டத்துக்குப் புறம்பானதன்று. வீட்டில் இரண்டையுமே நாம் 'ஒரு லிட்டர் பாக்கெட்' என்றுதான் சொல்கிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 910 கிராம் எண்ணெய் 132 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். புதிய பாக்கெட் 850 கிராம், விலை 131 ரூபாய். பார்ப்பவருக்கு விலை ஒரு ரூபாய் இறங்கியதாகத் தோன்றும். ஆனால் கிலோ கணக்கில் பழையது 145 ரூபாய் 5 காசு, புதியது 154 ரூபாய் 12 காசு. அதாவது கிலோவுக்கு ஒன்பது ரூபாய் கூடியிருக்கிறது.

அச்சிட்ட அலகு விலையைப் பார்த்தால் இது தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டுகளில் கிராமுக்கான விலையைத்தான் அச்சிட வேண்டும். அதையும் இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பழைய பாக்கெட்டிலும் கிராமுக்கு 0.15 ரூபாய், புதிய பாக்கெட்டிலும் 0.15 ரூபாய் என்றே இருக்கும். விதியை மீறாமலேயே ஒன்பது ரூபாய் உயர்வு அந்த இரண்டு இலக்கங்களுக்குள் மறைந்துவிடுகிறது. விலை குறைந்த பொருள்களுக்கு இந்த அச்சு போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து.

எனவே கடைக்காரர் வைக்கும் அறிவிப்பில் கிலோ விலையே இருக்க வேண்டும். 'இந்த எண்ணெய் பாக்கெட்டின் எடை 910 கிராமிலிருந்து 850 கிராமாகக் குறைந்துள்ளது. கிலோ விலை 145.05 ரூபாயிலிருந்து 154.12 ரூபாயாக உயர்ந்துள்ளது' என்று எழுதினால் போதும். 'புதிய பாக்கெட்' என்றோ 'விலை குறைப்பு' என்றோ மட்டும் எழுதுவது வாடிக்கையாளரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோகும். எடை குறைந்த விகிதத்தை மட்டும் குறிப்பிடுவதும் சரியன்று. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் 75 கிராமிலிருந்து 65 கிராமானால் எடை குறைவது 13 சதவீதம், ஆனால் கிராம் விலை கூடுவதோ 15 சதவீதத்துக்கும் மேல்.

பிரான்ஸ் நாட்டில் 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட உணவுப்பொருள் கடைகளுக்கு இத்தகைய அறிவிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அளவு எதிலிருந்து எதற்கு மாறியது, அலகு விலை எவ்வளவு உயர்ந்தது என்பதைப் பொருளின் அருகிலேயே இரண்டு மாதம் வைத்திருக்க வேண்டும். மாதத் தொடக்கத்தில் மொத்தமாகச் சாமான் வாங்கும் நம் குடும்பங்களுக்கும் இந்தக் கால அளவு பொருந்தும். ஒரு முறை கவனிக்கத் தவறியவர் அடுத்த மாதம் வரும்போது பார்த்துவிடலாம்.

நடைமுறையில் சிக்கல் எழும் இடங்கள் இரண்டு. பழைய சரக்கு தீரும் முன்பே புதிய சரக்கை அதே அலமாரியில் கலந்து அடுக்கினால், அறிவிப்பு எந்தப் பாக்கெட்டைக் குறிக்கிறது என்பது விளங்காது. இரண்டையும் பிரித்து அடுக்கி, புதியதன் கீழே அறிவிப்பை ஒட்ட வேண்டும். அடுத்தது பில். கணினியில் பொருளின் பெயர் 'எண்ணெய் 1 லிட்டர்' என்றே மாற்றாமல் விடப்பட்டால், வாடிக்கையாளர் 850 கிராமை வாங்கிக்கொண்டு ஒரு லிட்டர் என்று எழுதிய சீட்டுடன் வீட்டுக்குப் போவார். புதிய சரக்கு இறங்கிய அன்றே பில்லில் வரும் பெயரையும் '850 கிராம்' என்று திருத்திவிட வேண்டும்.

வாங்குபவர்கள் மில்லிலிட்டரைக் காட்டிலும் கிராமைப் பாருங்கள். எண்ணெய் சூட்டில் விரிவடையும். அதனால் மில்லிலிட்டர் அளவு மாறும், எடை மாறாது. பாக்கெட்டின் விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை கிடைத்துவிடும். கைபேசியில் அரை நிமிட வேலை. பாக்கெட்டில் நிகர எடையோ அலகு விலையோ அச்சிடப்படாமல் இருந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

நன்றி, வணக்கம்.