நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்காரர்கள் உண்மையில் என்ன கம்பெனி?

(காட்சி: நெல்லிக்குப்பம் சாலை. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன.)

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில் அரவை நாட்களில் பஸ்ஸில் போயிருந்தால் இந்த வரிசையில் நீங்களும் மாட்டியிருப்பீர்கள். கரும்புப் பாகின் வாசனை ஜன்னல் வழியாக வந்துவிடும். இந்த ஆலை ஈஐடி பாரியுடையது. எங்கள் பக்கத்தில் பாரி என்றாலே சர்க்கரைதான். போன மாதம் என் சித்தப்பாவிடம், "சித்தப்பா, ஈஐடி பாரி சர்க்கரைக் கம்பெனியா, உரக் கம்பெனியா?" என்று கேட்டேன். முப்பது வருஷமாக அந்த ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன்டா, வெட்டி அனுப்புற எனக்குத் தெரியாதா? சர்க்கரைதான். உரம் க்ரோமோர்ல வாங்குறோம், அது வேற."

அந்த "வேற" என்ற வார்த்தையில்தான் இந்த வீடியோ முழுக்க இருக்கிறது. க்ரோமோர் உரத்தை விற்பது கோரமண்டல் இன்டர்நேஷனல். அந்தக் கம்பெனியின் பங்குகளில் சுமார் 56 சதவீதம் ஈஐடி பாரியிடம்தான் இருக்கிறது.

(காட்சி: திரையில் இரண்டு கணக்கு அறிக்கைகள் அருகருகே.)

பல தொழில் செய்கிற ஒரு குழுமத்தை எந்தத் துறையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய, முதலில் எந்தக் கணக்கைத் திறக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பங்குச்சந்தைத் தளத்தில் ஒவ்வொரு காலாண்டு முடிவும் இரண்டு வகையில் இருக்கும். ஒன்று Standalone, அதாவது தாய்க் கம்பெனியின் தனிக் கணக்கு. இன்னொன்று Consolidated, துணை நிறுவனங்களையும் சேர்த்துத் தொகுத்த கணக்கு. நான் முதல்முறை பார்த்தபோது தனிக் கணக்கை மட்டும் திறந்து, "சர்க்கரை, டிஸ்டிலரி, மின்சாரம், சரி, சர்க்கரைத் துறை" என்று எழுதி மூடிவிட்டேன். தப்பு கணக்கில் இல்லை, நான் திறந்த பக்கத்தில்.

2022-23 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். தனிக் கணக்கில் பாரியின் வருமானம் ஏறத்தாழ 2,900 கோடி ரூபாய். தொகுத்த கணக்கில் ஏறத்தாழ 35,200 கோடி. பன்னிரண்டு மடங்கு! இவ்வளவு இடைவெளி தெரிந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கம்பெனியின் பெரும்பகுதி நாம் பார்க்கிற ஆலைக்கு வெளியே இருக்கிறது என்று பொருள்.

அந்த 35,200 கோடியில் கோரமண்டலின் வருமானம் மட்டும் சுமார் 29,600 கோடி. கிட்டத்தட்ட 84 சதவீதம். மீதி 5,600 கோடியில்தான் நெல்லிக்குப்பம் உட்பட எல்லா சர்க்கரை ஆலைகளும், காக்கிநாடாவில் கச்சா சர்க்கரையைச் சுத்திகரிக்கிற துணை நிறுவனமும், மற்றவையும் அடக்கம்.

(காட்சி: அறிக்கையில் "Segment" என்று தேடுகிற கை. அட்டவணை திறக்கிறது.)

இந்த விவரம் எங்கே கிடைக்கும்? முடிவு அறிக்கையின் பிடிஎஃப்பைத் திறந்து Ctrl+F அழுத்தி Segment என்று தேடுங்கள். இந்தியாவில் பட்டியலிடப்பட்ட பெரும்பாலான கம்பெனிகள் Ind AS 108 என்ற கணக்கு விதிப்படி தங்கள் தொழில்களைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். ஒரு தொழிலின் வருமானமோ லாபமோ சொத்தோ மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தொட்டால் அதைத் தனி செக்மென்டாகக் காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருப்பதை "மற்றவை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம். எந்தத் தொழிலை எதோடு சேர்ப்பது என்பதில் நிர்வாகம் தன் தொழிலை எப்படிப் பார்க்கிறதோ அதையே விதி ஏற்றுக்கொள்கிறது. அதனால் செக்மென்டின் பெயரை மட்டும் நம்பாமல், அதற்குள் என்ன பொருள் விற்கிறது என்று ஆண்டறிக்கையில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பாரியின் தொகுத்த அட்டவணையில் பயிர்ச்சத்துத் தொழில் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். உரம் அதில்தான் ஒளிந்திருக்கிறது, பெயரில் உரம் என்ற சொல்லே இல்லாமல். அதற்குக் கீழே பயிர் பாதுகாப்பு, அதாவது பூச்சிமருந்து வகையறா. இது கோரமண்டலின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அப்புறம் சர்க்கரை, மின்சாரம், டிஸ்டிலரி என்று தனித்தனி வரிகள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, கரும்பு ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆலையில் கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கை கொதிகலனுக்குப் போய் மின்சாரமாகிறது. மிஞ்சுகிற மொலாசஸ் டிஸ்டிலரிக்குப் போய்ச் சாராயமாகவும் எத்தனாலாகவும் ஆகிறது. ஒரே கம்பெனிக்குள் சர்க்கரைப் பிரிவு இவற்றை இன்னொரு பிரிவுக்கு "விற்றதாக" எழுதுவார்கள். எனவே செக்மென்ட் வருமானங்களைக் கூட்டினால் கம்பெனியின் மொத்த வருமானத்தைவிட அதிகம் வரும். கடைசியில் Inter-segment என்று ஒரு கழித்தல் வரி இருக்கும். அதைப் பார்க்காமல் சதவீதம் போட்டால் சர்க்கரைப் பிரிவு ஊதிப்போய்த் தெரியும்.

மொலாசஸுக்கு உள்ளுக்குள் என்ன விலை வைக்கிறார்கள் என்பதும் முக்கியம். குறைவாக வைத்தால் டிஸ்டிலரி கொழுத்து, சர்க்கரை மெலிந்து தெரியும். கூட்டி வைத்தால் நேர்மாறு. மூன்றும் ஒரே கரும்புக் கட்டிலிருந்துதான் வருகின்றன. துறையை முடிவு செய்யும்போது இந்த மூன்று வரிகளையும் சேர்த்துக் "கரும்பு" என்று ஒரே கூட்டமாக வைப்பதுதான் என் வழக்கம். அப்படிச் சேர்த்த பிறகும் பாரியில் உரம்தான் முன்னால் நிற்கிறது.

(காட்சி: கரும்பலகையில் 60 என்று எழுதி வட்டமிடுகிறார்.)

எவ்வளவு முன்னால் இருந்தால் போதும்? உலக அளவில் எம்எஸ்சிஐ, எஸ் அண்ட் பி என்ற இரண்டு பங்குக் குறியீட்டு நிறுவனங்கள் சேர்ந்து வைத்திருக்கிற ஜிஐசிஎஸ் என்ற வகைப்படுத்தலில், ஒரு தொழிலிலிருந்து 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் வருமானம் வந்தால் கம்பெனி அந்தத் துறையைச் சேர்ந்தது. எதுவும் 60ஐத் தொடாவிட்டால், வருமானம், லாபம் இரண்டிலும் பெரும்பான்மை எதற்கோ அதில் சேர்ப்பார்கள். அதுவும் இல்லாமல் மூன்று, நான்கு துறைகளில் பரவிக் கிடந்தால்தான் கூட்டுத் தொழில் குழுமம் என்ற பெட்டி. நம்மில் பலர் அந்தப் பெட்டியை முதலிலேயே திறந்துவிடுகிறோம். கம்பெனிக்கு நாலு தொழில் இருந்தாலே "டைவர்சிஃபைட்" என்று எழுதிவிடுகிறோம்.

லாபத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் ஐடிசியில் நன்றாகத் தெரியும். 2022-23ல் அதன் செக்மென்ட் லாபத்தில் சுமார் முக்கால் பங்கு சிகரெட்டிலிருந்து வந்தது. ஆட்டாவும் பிஸ்கட்டும் நோட்டுப் புத்தகமும் கடை கடையாகத் தெரிந்தாலும் காசு சிகரெட்டில்தான் இருந்தது. வருமானத்தில் சிகரெட்டுக்கு அவ்வளவு பெரிய பங்கு கிடையாது.

சரி, பாரிக்கு வருவோம். 84 என்ற எண்ணை நான் அப்படியே ஏற்கவில்லை. கோரமண்டலில் பாரிக்கு இருப்பது 56 சதவீதம்தான். ஆனால் துணை நிறுவனம் என்பதால் தொகுத்த கணக்கில் அதன் வருமானம் முழுவதும், நூற்றுக்கு நூறு, சேர்க்கப்படுகிறது. மற்றவர்களுக்குச் சேர வேண்டியது லாபத்தின் கீழே Non-controlling interests என்ற வரியில்தான் பிரிகிறது. எனவே ஒரு சொந்தக் கணக்கு போட்டுப் பார்த்தேன். 29,600 கோடியில் 56 சதவீதம் சுமார் 16,600 கோடி. மற்றதெல்லாம் 5,600 கோடி. கூட்டினால் 22,200 கோடி. உரப் பக்கம் 75 சதவீதம். குறைந்தாலும் 60ஐத் தாண்டுகிறது.

அடுத்த வருஷம்தான் சுவாரசியம். 2023-24ல் கோரமண்டலின் வருமானம் சுமார் 22,000 கோடிக்கு இறங்கியது. பாரியின் தொகுத்த வருமானம் சுமார் 29,400 கோடி. அப்படியே வகுத்தால் கோரமண்டலின் பங்களிப்பு 75 சதவீதம். கோரமண்டலில் 56 சதவீதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் 12,300 கோடிக்கு எதிரே 7,400 கோடி, அதாவது 62 சதவீதம் சொச்சம். அறுபதின் வாசற்படியில் நிற்கிறது.

கோரமண்டல் ஒரே வருஷத்தில் தொழிலைச் சுருக்கிவிடவில்லை. உக்ரைன் போர் தொடங்கியபோது அம்மோனியா, பாஸ்பாரிக் அமிலம் எல்லாம் விலை ஏறின. உரக் கம்பெனியின் வருமானத்தில் அரசு தருகிற மானியமும் சேர்ந்தே எழுதப்படுகிறது. மூலப்பொருள் விலை ஏறினால் மானியமும் ஏறும், மூட்டை எண்ணிக்கை மாறாமலே வருமானம் வீங்கும். விலை இறங்கினால் வற்றும். காக்கிநாடா சுத்திகரிப்பிலும் இதே கதைதான். கச்சா சர்க்கரையை வாங்கி, சுத்தம் செய்து, விற்கிற தொழிலில் விற்பனைத் தொகை பெரிதாக இருக்கும், கையில் நிற்பது சிறிது. ஒரே ஒரு வருஷத்தை வைத்துத் துறையை மாற்றி எழுதக் கூடாது என்பது இதனால்தான். நான் குறைந்தது மூன்று வருஷம் பார்ப்பேன். இரண்டு வருஷம் தொடர்ந்து பக்கம் மாறினால்தான் என் எக்செல்லில் துறையை மாற்றுவேன்.

தனிக் கணக்கில் இன்னொரு கண்ணி. 2022-23க்கு கோரமண்டல் ஒரு பங்குக்கு 12 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்தது. பாரியிடம் சுமார் 16.5 கோடி பங்குகள். கிட்டத்தட்ட 200 கோடி ரூபாய் இப்படி வருகிறது. இது சர்க்கரைப் பிரிவின் வருமானத்தில் வராது, Other income வரியில் உட்கார்ந்திருக்கும். அதைக் கழிக்காமல் "சர்க்கரை நன்றாக ஓடுகிறது" என்று சொன்னால், உரத்தில் வந்த காசைக் கரும்புக்கு வரவு வைத்தது போல ஆகிவிடும்.

(காட்சி: மீண்டும் சித்தப்பா வீட்டுத் திண்ணை.)

இந்தக் கணக்கையெல்லாம் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்களைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எனக்குக் கரும்புப் பணம் தர்றது எந்தக் கணக்கு?" தனிக் கணக்குதான். ஆலையோடு அவர் போட்டிருக்கிற ஒப்பந்தம் தாய்க் கம்பெனியோடு, கோரமண்டலுக்கு அதில் வேலை இல்லை. அவருக்கு அது சர்க்கரைக் கம்பெனியே.

பங்கு வாங்க நினைக்கிற ஒருவர் அதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு. அவர் வாங்குவது தொகுத்த கணக்கை, அதில் பெரும்பகுதி உரம். பருவமழையும் மானியமும் அம்மோனியா விலையும் அவர் கவனிக்க வேண்டியவை. எத்தனால் கொள்முதல் விலை ஏறியது என்ற செய்தியைப் பார்த்து ஓடினால், மொத்தத்தில் சிறிய பங்கைத் துரத்துகிறார்.

என் எக்செல்லில் துறை என்ற கட்டத்தில் இப்போது "உரம்" என்று இருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் "தனிக் கணக்கு: சர்க்கரை, கோரமண்டல் பங்கு 56%" என்று எழுதியிருக்கிறேன். பாரி கோரமண்டலில் தன் பங்கை 50க்குக் கீழே விற்றுக் கட்டுப்பாட்டையும் விட்டுவிட்டால் அந்த உர வருமானம் முழுவதும் தொகுத்த கணக்கிலிருந்து ஒரே நாளில் மறைந்துபோகும். அன்றைக்குத் துறை என்ற கட்டத்தை அழித்து எழுதுவேன். சித்தப்பா எதையும் மாற்ற வேண்டியிருக்காது.