காய்கறிக் கணக்கும் சேரும்

வணக்கம் நேயர்களே. ஜி.எஸ்.டி.யில் எப்போது பதிவு செய்யவேண்டும் என்று கேட்டால், "வரி போடுற சரக்கை எவ்வளவு விற்கிறோமோ அதை வெச்சுத்தானே?" என்பார்கள் பலர். தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சட்டம் பார்ப்பது மொத்த விற்றுமுதலை. வரி உள்ளது, வரிவிலக்கு உள்ளது, ஏற்றுமதி எல்லாம் அதில் அடக்கம். ஒரே பான் எண்ணில் நாடு முழுக்க எங்கே விற்றாலும் ஒரே கணக்குதான். கடையைத் தனியாகப் பிரிக்கமுடியாது, மாநிலத்தையும் பிரிக்கமுடியாது.

ஒரு கணக்குப் போடுவோம். கடலூரில் ஒருவருக்குக் காய்கறிக் கடை. வருஷத்துக்கு 17 லட்சம் விற்பனை, முழுக்க வரிவிலக்கு. புதுச்சேரியில் அவருக்கே ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை. 6 லட்சம், வரி உண்டு. "ஆறு லட்சத்துக்கு எதுக்குப் பதிவு?" என்பார் அவர். ஆனால் கூட்டினால் 23 லட்சம். இன்னொரு கேள்வியும் வரும்: "பொருள் மட்டும் விற்றால் வரம்பு 40 லட்சமாச்சே?" 2019 ஏப்ரல் முதல் அப்படித்தான். ஆனால் புதுச்சேரியில் விற்பனை செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருக்கு வரம்பு 20 லட்சம். ஆகவே பதிவு கட்டாயம்.

எங்கே பதிவு? வரிக்குரிய விற்பனை நடக்கும் இடத்தில், அதாவது புதுச்சேரியில். கடலூரில் காய்கறி மட்டும்தான் என்பதால் அங்கே வேண்டாம். காய்கறி வரம்பைத் தாண்ட வைத்தது. ஆனாலும் அதற்கு வரி வந்துவிடாது. இதைத் திரும்பச் சொல்கிறேன்: கணக்கில் சேர்வது வேறு, வரி கட்டுவது வேறு.

வீட்டு வாடகையை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். குடியிருப்பதற்கு விட்ட வீட்டின் வாடகைக்கு வரிவிலக்கு இருந்தாலும் அது சேவை. தமிழ்நாட்டில் மட்டும் கடை வைத்து 30 லட்சத்துக்குப் பாத்திரம் விற்பவர், தன் பெயரிலுள்ள வீட்டை மாதம் 10,000 ரூபாய்க்கு விட்டிருந்தால், "பொருள் மட்டும்" என்ற தகுதி போய்விடும். 40 லட்சத்தை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு வரம்பு 20 லட்சமாகிவிடும்! வங்கி வட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதைச் சட்டமே விலக்கியிருக்கிறது.

எதைக் கூட்டவேண்டாம்? விலையில் சேர்த்து வாங்கிய ஜி.எஸ்.டி.யை. பிறகு, வாங்கியவரே வரி கட்டும் முறையில் நீங்கள் வாங்கியவற்றின் மதிப்பை. கணக்கு ஏப்ரல் 1-இல் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரம்பு தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் விண்ணப்பித்தால், தாண்டிய நாளிலிருந்தே பதிவு செல்லும். கையிருப்புச் சரக்கை வாங்கும்போது கட்டிய வரியையும் உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். தாமதித்தால் பதிவு கிடைக்கும் தேதியிலிருந்துதான் செல்லும். ஆனால் இடைப்பட்ட விற்பனைக்கு வரி கேட்பார்கள், அபராதமும் உண்டு. மாதக் கடைசியில் எல்லாக் கடை விற்பனையையும் வாடகையையும் ஒரே தாளில் கூட்டி வையுங்கள். வெளிமாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை விற்றால் பெரும்பாலும் இந்த வரம்பே பொருந்தாது, முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். வணக்கம்.