தண்ணீரில் ஒளி எவ்வளவு வளைகிறது, பெரிஸ்கோப்புக்கு ஏன் கண்ணாடி?

கேள்வி: "சார், தண்ணீரில் ஒளி வளைகிறது என்று படித்தோம். அது எவ்வளவு வளைகிறது என்று வீட்டிலேயே அளக்க முடியுமா? அப்புறம், அட்டைப் பெரிஸ்கோப்புக்குக் கண்ணாடிக்குப் பதில் தண்ணீரையே வைத்து ஒளியைத் திருப்ப முடியாதா?"

முதலில் அளந்துவிடலாம். உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கான பதில் அந்த அளவிலேயே இருக்கிறது. கோணமானி வேண்டாம், சைன் அட்டவணையும் வேண்டாம். அடிஸ்கேலும் காம்பஸும் போதும்.

பலகாரக் கடையில் தருகிற, உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும் நீள்சதுரப் பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் நல்லது. இதில் ஒன்றை மட்டும் கவனித்து வாங்குங்கள்: பக்கச் சுவர்கள் நேராக நிற்க வேண்டும். பல டப்பாக்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதற்காக அடியில் குறுகி, மேலே விரிந்திருக்கும். அது இதற்கு உதவாது.

ஒரு தெர்மாகோல் அட்டையின் மேல் வெள்ளைத்தாளை விரித்து, டப்பாவை நடுவில் வைத்து, நீளமான இரண்டு பக்கங்களையும் ஒட்டிக் கோடு போடுங்கள். வைத்த இடத்திலேயே 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிவிட்டுத் தூக்கி வைக்கப் போனால் தாள் நனைந்துவிடும், டப்பாவும் கோட்டிலிருந்து நகர்ந்துவிடும்.

உங்கள் பக்கத்துக் கோட்டில் ஒரு புள்ளி வையுங்கள். அதற்கு O என்று பெயர். O வழியாக அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு, டப்பாவின் இரண்டு பக்கமும் நீளும்படி வரைய வேண்டும். டப்பா இருக்கும் இடத்தில் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இனி உங்கள் பக்கத்திலிருந்து சாய்வாக வந்து O-வைத் தொடுகிற ஒரு கோடு வரையுங்கள். அந்தச் சாய்வுக் கோட்டில் இரண்டு குண்டூசிகளைக் குத்துங்கள். இரண்டுக்கும் நடுவே 6 சென்டிமீட்டராவது இருக்கட்டும். நெருக்கிக் குத்தினால், ஊசி அரை மில்லிமீட்டர் விலகினாலும் கோட்டின் திசையே மாறிப்போகும்.

எதிர்ப்பக்கம் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் வழியாக அந்த இரண்டு ஊசிகளைப் பாருங்கள். தலையை மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் முன் ஊசி பின் ஊசியை மறைக்கும். அந்தப் பார்வைக் கோட்டிலேயே, இப்போது நீங்கள் இருக்கும் எதிர்ப்பக்கத்தில் இன்னும் இரண்டு ஊசிகளைக் குத்துங்கள். நான்கும் ஒரே ஊசி போலத் தெரிய வேண்டும். ஊசியின் தலையைப் பார்க்காதீர்கள், தாளை ஒட்டிய கால் பகுதியைப் பாருங்கள். ஊசி சாய்ந்திருந்தாலும் கால் சரியான இடத்தில்தான் இருக்கும்.

டப்பாவை எடுத்துவிட்டு, கடைசி இரண்டு ஊசித் துளைகளையும் சேர்த்துக் கோடு போட்டால், அது எதிர்ப்பக்கக் கோட்டை ஓர் இடத்தில் வெட்டும். ஒளி தண்ணீரை விட்டு வெளியே வந்த இடம் அது. அதை O-வோடு சேர்த்துவிட்டால், தண்ணீருக்குள் ஒளி போன பாதை உங்கள் தாளில் வந்துவிடும். இங்கே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். உள்ளே போன கோடும் வெளியே வந்த கோடும் இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டப்பா நகர்ந்திருக்கிறது, அல்லது சுவர்கள் இணையாக இல்லை. அந்தத் தாளை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள்.

இப்போது O-வை மையமாக வைத்து 10 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். தண்ணீருக்குள் போன கோடு வட்டத்தைத் தொடவில்லை என்றால் அதைத் தொடும் வரை நீட்டிக்கொள்ளலாம். காற்றில் வந்த கோடு வட்டத்தை வெட்டும் இடத்திலிருந்து செங்குத்துக் கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்கிறீர்கள். தண்ணீர்ப் பக்கத்திலும் அதே மாதிரி அளக்கிறீர்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் தண்ணீரின் ஒளிவிலகல் எண்.

நான் செய்தபோது வந்த அளவுகளைச் சொல்கிறேன். காற்றில் 5 சென்டிமீட்டர் என்றால் தண்ணீரில் 3.8. காற்றில் 6 என்றால் 4.5. 7-க்கு 5.2. 8-க்கு 6. வகுத்துப் பாருங்கள்: 1.32, 1.33, 1.35, 1.33. சராசரி 1.33. கோணம் மாறிக்கொண்டே போகிறது, இந்த விகிதம் மட்டும் மாறவில்லை. இதைத்தான் ஸ்நெல் விதி என்கிறோம்.

சாய்வு குறைவாக இருக்கும்போது அளந்தால் எண் தாறுமாறாக வரும். காற்றில் 2 சென்டிமீட்டர் என்றால் தண்ணீரில் 1.5 வர வேண்டும். அதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே விடை 1.25 ஆகவோ 1.43 ஆகவோ போய்விடும். அதனால் 5-க்கு மேலேயே அளவெடுங்கள்.

அப்புறம், வந்த எண்ணைத் திருத்தாதீர்கள். இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வானியலாளர் தாலமி இதே காற்று–தண்ணீர்க் கோணங்களை அட்டவணையாக எழுதி வைத்தார். காற்றில் 10 பாகைக்குத் தண்ணீரில் 8, 20-க்கு 15½, 30-க்கு 22½ என்று போகும். அடுத்தடுத்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்: 8, 7½, 7, 6½ என்று ஒவ்வொரு முறையும் சரியாக அரைப் பாகை குறைந்துகொண்டே வருகிறது. கையால் அளந்தால் இவ்வளவு ஒழுங்காக வராது. 60 பாகைக்கு அவர் தரும் 40½ சரியாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டே போனதில் 80 பாகைக்கு 50 என்று வந்து நிற்கிறது. உண்மையில் அது 48-க்கும் சற்றுக் குறைவு.

சரி, பெரிஸ்கோப்புக்கு வருவோம். மேலே நுழைகிற ஒளியை 90 பாகை திருப்பிக் கீழே அனுப்ப வேண்டும், கீழே மறுபடியும் 90 பாகை திருப்பிக் கண்ணுக்குத் தர வேண்டும். காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது எவ்வளவு திரும்புகிறது? நம் அளவில் காற்றில் 8 என்பது 53 பாகை, தண்ணீரில் 6 என்பது 37 பாகை. ஆக, திரும்பியது வெறும் 16 பாகை. நீர்ப்பரப்பை உரசிக்கொண்டு வருகிற கதிர்கூட 41 பாகைக்கு மேல் திரும்பாது.

அப்படியானால் வளைக்காமல், தண்ணீருக்குள்ளிருந்தே எதிரொளிக்க வைக்கலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். இருகண் தொலைநோக்கிகளில் முக்கோணக் கண்ணாடிப் பட்டகம் அப்படித்தான் வேலை செய்கிறது. தண்ணீரால் அது முடியுமா என்பதை நம் 10 சென்டிமீட்டர் வட்டமே சொல்லிவிடும். காற்றுப் பக்கம் தூரம் 10-க்கு மேல் போக முடியாது, ஏனென்றால் ஆரமே 10 தான். அதற்கு ஈடான தண்ணீர் அளவு 10-ஐ 1.33-ஆல் வகுத்தால் 7.5. தண்ணீருக்குள்ளிருந்து வரும் கதிரின் தூரம் 7.5-ஐத் தாண்டினால் அதற்கு வெளியே போக வழியில்லை, முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். 7.5-க்குக் குறைவாக இருந்தால் வெளியே ஓடிவிடும். பெரிஸ்கோப்புக்கு வேண்டிய 45 பாகைக் கதிரின் தூரம் அந்த வட்டத்தில் 7.07. வரைந்து அளந்து பாருங்கள். 7.5-ஐத் தொடாமல் அரை சென்டிமீட்டர் குறைவில் நின்றுவிடுகிறது. ஆகவே 45 பாகைச் சாய்வில் தண்ணீர்ப் பட்டகம் வைத்தால், ஒளியில் ஏழில் ஒரு பங்குதான் திரும்பும், மிச்சமெல்லாம் சாய்ந்த சுவர் வழியாக வெளியே போய்விடும். சாதாரணக் கண்ணாடிப் பட்டகத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதற்கான எல்லை 6.67. அதை 7.07 தாண்டிவிடுகிறது. அதனால்தான் கண்ணாடிப் பட்டகம் ஒளியைச் சிந்தாமல் திருப்புகிறது, தண்ணீரால் முடியவில்லை. நமக்குப் பட்டகமும் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடி, விழுகிற ஒளியில் பெரும்பகுதியை எந்தச் சாய்விலும் திருப்பிவிடும்.

இனி செய்யும் முறை. கண்ணாடிக் கடையில் 8க்கு 8 சென்டிமீட்டர் அளவில் இரண்டு மெல்லிய துண்டுகள் வெட்டித் தரச் சொல்லுங்கள். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, சுற்றிலும் டேப் ஒட்டிவிடுங்கள். அட்டைப்பெட்டியிலிருந்து 45 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். ஆறரை சென்டிமீட்டருக்கு ஒரு மடிப்பு என்று நான்கு பக்கம் வந்தால், ஒட்டுவதற்கு 2 சென்டிமீட்டர் மிஞ்சும். உள்பக்கம் கறுப்புத்தாள் ஒட்டி, குழாயாக மடித்து ஒட்டுங்கள். முன்பக்கத்தில் உச்சியிலும் பின்பக்கத்தில் அடியிலும் 5 சென்டிமீட்டர் சதுர ஜன்னல் ஒவ்வொன்று வெட்டுங்கள்.

இடம், வலம் இரண்டு பக்கங்களிலும், நுனியில் ஆறரை சென்டிமீட்டர் சதுரம் குறித்து மூலைவிட்டம் போடுங்கள். அந்த மூலைவிட்டத்தின் நடுவில் 8 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீறல் போட்டு, கண்ணாடியைக் குறுக்கே செருகுங்கள். இரண்டு பக்கமும் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேதான் டேப் ஒட்டப் போகிறோம். மேல் கண்ணாடியின் முகம் ஜன்னலையும் கீழேயும் பார்க்க வேண்டும். கீழ்க் கண்ணாடி அடி ஜன்னலையும் மேலேயும் பார்க்க வேண்டும்.

செய்கிறவர்கள் 45 பாகையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அதைவிட முக்கியம் இரண்டு கண்ணாடிகளும் இணையாக இருப்பது. இரண்டுமே ஒரே மாதிரி 43 பாகையில் இருந்தால், முதல் கண்ணாடி செய்த பிழையை இரண்டாவது அப்படியே திருத்திவிடும். ஓரம் கொஞ்சம் மறையும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் 3 பாகை தப்பினால், கதிர் 6 பாகை விலகும். இந்தக் குழாய் வழியாக மொத்தமாகத் தெரிவதே சுமார் 6 பாகைதான். நீங்கள் பார்க்க நினைத்த பொருள் ஜன்னலை விட்டே போய்விடும்.

அதனால் கீழ்க் கண்ணாடியை முதலில் ஒட்டிவிட்டு, மேல் கண்ணாடியை அசையும்படி விட்டு வையுங்கள். தூரத்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பாருங்கள். சுவர் ஜன்னலின் நடுவுக்கு வரும் வரை மேல் கண்ணாடியின் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றுங்கள். சுவர் ஒருபக்கம் சரிந்து தெரிந்தால், கண்ணாடியின் இடது, வலது முனைகளில் ஒன்று உயர்ந்திருக்கிறது. அதைச் சமன் செய்துவிட்டு டேப் ஒட்டுங்கள்.

10 மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் அகலம் அளவுக்குத் தெரியும். குழாயை இரண்டு மடங்கு நீளமாக்கினால் பாதிதான் தெரியும். நீர்மூழ்கிக் கப்பலில் அவ்வளவு நீளமான, ஒடுங்கிய குழாயில் அகலமாகத் தெரிவதற்காக உள்ளே வரிசையாக லென்ஸ்களை வைத்திருப்பார்கள். இரண்டு முறை எதிரொளிப்பதால் கடைப் பலகை எழுத்தெல்லாம் இடவலம் மாறாமல் நேராகவே படிக்கலாம். கீழ்க் கண்ணாடியை மறுபக்கம் திருப்பி, அடி ஜன்னலையும் முன்பக்கத்துக்கு மாற்றி வைத்தால், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியும். ஆனால் அது தலைகீழாகத் தெரியும்.