கறிக்குளம்பு கேட்டா என்ன கிடைக்கும்? ல, ள, ழ குழப்பத்துக்கு ஒரு சோதனை

[திரையில்: ஓட்டல் பலகை, "கறிக்குளம்பு ரெடி"]

குளம்புன்னா ஆடு மாடுகளோட கால் நுனியில இருக்கிற கெட்டியான பகுதி. சோத்துல ஊத்திக்கிறது குழம்பு. இந்த ஓட்டல்ல எதைத் தர்றாங்கன்னு நீங்களே கேட்டுக்கோங்க!

முதல்ல வாய். வால், வாள், வாழ்னு மெதுவா சொல்லுங்க. 'ல்'லுக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னாடி ஒட்டும். 'ள்'ளுக்கு நுனி மடங்கி மேலண்ணத்தைத் தொடும். 'ழ்'ழுக்கு அதே மாதிரி மடங்கும், ஆனா எங்கேயும் தொடாது. தொட்டுட்டா 'வாளப்பளம்'. மடக்காம விட்டா 'வாயப்பயம்'.

சரியா வருதான்னு தெரியணுமா? கடைசி எழுத்துல நாக்கை அப்படியே நிறுத்தி, வாயால மூச்சை உள்ளே இழுங்க. ல, ள ரெண்டுக்கும் நாக்கோட ஓரம் ஜில்லுன்னு இருக்கும். ழவுக்கு நடுநாக்கு ஜில்லுங்கும்.

அடுத்து எழுத்து. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சொல்லோட கடைசியில எந்த எழுத்துன்னு சந்தேகமா? அதோட க, ச, பவில் தொடங்குற ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்க.

[திரையில்: மூணு பெட்டி: ற், ட், ழ்]

கடல், கரை: கடற்கரை. பால், குடம்: பாற்குடம். ல் இருந்தா ற் ஆயிடும்.
பொருள், காட்சி: பொருட்காட்சி. வாள், போர்: வாட்போர். ள் இருந்தா ட். ள, ட ரெண்டுக்கும் நாக்கு தொடுற இடம் ஒண்ணுதான், அதான் காரணம்.
யாழ்ப்பாணம், தமிழ்ச்சங்கம், கூழ்ப்பானை. ழ் அசையவே அசையாது, நடுவுல ஒரு ப், ச் மட்டும் வந்து உட்காரும்.

பாருங்க, பொருட்காட்சின்னு எல்லாரும் சரியாத்தான் எழுதுறோம். அப்புறமும் தனியா எழுதும்போது 'பொருல்'னு எழுதுறவங்க இருக்காங்க! விடை வாயிலேயே இருக்கு.

ஆனா கால்பந்துன்னுதான் எழுதுறோம், காற்பந்துன்னு எழுதுறவங்க குறைவு. விரல்கள்னுதான் சொல்றோம். அதனால ற், ட் வந்தா நம்பலாம். வரலைன்னா உடனே ழன்னு முடிவு கட்டாதீங்க. சொல் நடுவுல வர்ற எழுத்துக்கும் இந்தச் சோதனை உதவாது. அங்கே ஜோடியாத்தான் மனசுல ஏத்தணும்: ரேடியோவுக்கு ஒலிபரப்பு, டிவிக்கு ஒளிபரப்பு, தலை, தளை, தழை.

இரட்டிக்கிற இடத்துல ழ வரவே வராது. பள்ளி, வெள்ளம்: ழ்ழன்னு எழுதவே முடியாது.

இப்போ உங்க முறை. சொல், முள், புகழ், பல், அருள். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கூட்டுச்சொல் கண்டுபிடிச்சு எந்தப் பெட்டின்னு கமெண்ட்ல போடுங்க. 'பவழமா, பவளமா'ன்னு கேட்டு வம்பு பண்ணாதீங்க, ரெண்டும் சரி.