அமாக்சிசிலின் படத்தில் உள்ள வினைச்செயல் தொகுதிகள்

[திரையில்: அமாக்சிசிலினின் கோட்டு அமைப்பு. இடது ஓரத்தில் HO, வலது ஓரத்தில் COOH]

இது அமாக்சிசிலின், பென்சிலின் வகையைச் சேர்ந்த பாக்டீரியா எதிர்ப்பு மருந்து. வாய்பாடு C₁₆H₁₉N₃O₅S. வளையங்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். கார்பனும் ஹைட்ரஜனும் அல்லாத அணுக்களை முதலில் வட்டமிடுங்கள்: 3 நைட்ரஜன், 5 ஆக்சிஜன், 1 கந்தகம். இந்த ஒன்பதில் ஒன்றும் விடுபடக்கூடாது.

[இடது OH ஒளிர்கிறது]

இந்த OH பென்சீன் வளையத்தின் கார்பனிலேயே அமர்ந்திருக்கிறது. ஆகவே இது ஆல்கஹால் அல்ல, பீனால். பென்சீன் வளையத்தையும் அரோமாட்டிக் வளையம் என்று தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

[NH₂ ஒளிர்கிறது]

நைட்ரஜனைக் கண்டதும் பெயர் சூட்டிவிடாதீர்கள். அதோடு இணைந்த கார்பனைப் பாருங்கள். அந்தக் கார்பனில் C=O இருக்கிறதா? இங்கே இல்லை. எனவே இது முதன்மை அமீன். அடுத்த NH-க்குப் பக்கத்துக் கார்பனில் C=O இருக்கிறது. அது இரண்டாம் நிலை அமைடு.

[நாற்கோண வளையம் பெரிதாகிறது]

பலர் தடுமாறும் இடம் இதுதான். மூன்றாவது நைட்ரஜனில் ஹைட்ரஜனே இல்லை. மூன்று கார்பன்களோடு இணைந்திருக்கிறது. அதனால் அதை மூன்றாம் நிலை அமீன் என்றும், பக்கத்து C=O-வைக் கீட்டோன் என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பிழை. அவை சேர்ந்து ஒரே அமைடு. வளையத்துக்குள் இருப்பதால் லாக்டம். வளையத்தில் நான்கே அணுக்கள் இருப்பதால் பீட்டா-லாக்டம்.

இதற்குத் தனிப்பெயர் தருவதற்குக் காரணம் உண்டு. சாதாரண அமைடில் நைட்ரஜனின் தனி இணை எலக்ட்ரான்கள் C=O பக்கம் பரவி அதை நிலைப்படுத்துகின்றன. இங்கே ஐங்கோண வளையமும் ஒட்டியிருப்பதால் நைட்ரஜன் தட்டையாக முடியாது. அந்தப் பரவல் குறைகிறது. கோணங்களும் 90 பாகையை ஒட்டி நெருக்கப்பட்டுள்ளன. அதனால் வளையம் எளிதில் உடைகிறது. பாக்டீரியாவின் செல்சுவர் கட்டும் நொதியை இந்த மருந்து பிணைத்து முடக்குவதும் அப்படி உடைந்துதான். அகச்சிவப்பு நிறமாலையிலும் வேறுபாடு தெரியும்: பீட்டா-லாக்டத்தின் C=O சுமார் 1775 cm⁻¹-இல், மற்ற அமைடின் C=O சுமார் 1690-இல்.

பென்சிலினில் இப்படியொரு வளையம் இருக்கும் என்பதை ராபர்ட் ராபின்சன் போன்ற பெரிய வேதியியலாளர்களே ஏற்கவில்லை. 1945-இல் டோரதி ஹாட்ஜ்கினின் எக்ஸ் கதிர் ஆய்வுதான் அதை உறுதிசெய்தது.

[ஐங்கோண வளையம்]

கந்தகத்தின் இருபுறமும் கார்பன்: தயோஈதர். இரண்டு மெத்தில்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஓரத்து COOH-ஐக் கீட்டோன், ஆல்கஹால் என்று பிரிக்காதீர்கள். அது ஒரே கார்பாக்சிலிக் அமிலம்.

[திரையில் கணக்கு]

ஆக்சிஜன்: பீனால் 1, அமைடு 1, லாக்டம் 1, அமிலம் 2. மொத்தம் 5. நைட்ரஜன்: அமீன், அமைடு, லாக்டம். மொத்தம் 3. கந்தகம் 1. வாய்பாட்டோடு பொருந்துகிறது.

அடுத்து ஆம்பிசிலினை வரைந்து பாருங்கள்: C₁₆H₁₉N₃O₄S. ஓர் ஆக்சிஜன் குறைகிறது. படத்தில் காணாமல் போயிருப்பது பீனால் OH மட்டுமே.