தராசில் தொடங்கும் ரீல்

வணக்கம் நேயர்களே. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் சோப்பு போடுகிற மகளிர் சுய உதவிக் குழுக்கள் இப்போது கைப்பேசியிலேயே ரீல் எடுத்து விற்கிறார்கள். பூ, மஞ்சள், பின்னணியில் ஒரு பாட்டு. பார்க்க அழகுதான். ஆனால் வாங்குகிறவர் மனசில் ஓடுவது வேறு: எடை சரியா, தோல் எரியுமா, எங்க வீட்டுத் தண்ணியில நுரைக்குமா? 45 நொடிக்குள் இந்த மூன்றுக்கும் கண்ணெதிரே பதில் காட்டினால் போதும்.

எடையிலிருந்து தொடங்குவோம். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 174 கிராம் காஸ்டிக் சோடா, 350 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் வேண்டும். வேண்டுமென்றே 5 சதவீதம் குறைத்திருக்கிறோம். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சி நிற்பதால்தான் தோல் எரிவதில்லை. மொத்தக் கலவை 1,524 கிராம். அச்சுக்கு 115 கிராம் வீதம் ஊற்றினால் 13 கட்டி வரும். நாலைந்து வாரம் காற்றோட்டமாக அடுக்கி வைத்தால் தண்ணீர் வற்றி, ஒவ்வொரு கட்டியும் சுமார் 100 கிராமுக்கு இறங்கும். ஊற்றிய அன்றே 115 என்று உறையில் அச்சடித்துவிட்டு, பிறகு வாங்கியவர் தராசில் வைத்துப் பார்த்தால் குழுவின் பெயர் அதோடு போச்சு. காய்ந்த பிறகு 13-ஐயும் நிறுத்து, அதில் குறைந்த எடை எதுவோ அதை அச்சடியுங்கள். ரீலின் முதல் காட்சி இதுதான்: தராசு பூஜ்யம் காட்டுகிறது, கட்டி மேலே வைக்கப்படுகிறது, எண் தெரிகிறது, பக்கத்தில் உறையில் அதே எண். பேச்சே தேவையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு சங்கடம் வரும். காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தை இழுக்கும். டப்பா திறந்தே கிடந்தால் 174 கிராம் என்று நிறுப்பதில் ஒரு பங்கு தண்ணீர்தான். காஸ்டிக் குறைந்துபோய், சோப்பு கொழகொழவென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும். நல்ல கட்டியிலும் மேலே துளித்துளியாக வேர்க்கும். அது கெட்டுப்போனதல்ல, சோப்பிலுள்ள கிளிசரின் ஈரம் இழுப்பது. ஆனால் ரீலில் அந்தத் துளியைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, வெயில் வந்த நாளில் எடுங்கள்.

அடுத்தது தோல். நனைத்த கட்டியின் நுரையில், காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் தாளை வைத்துக் காட்டலாம். இப்படிப் போட்ட சோப்பு 9, 10 என்றுதான் காட்டும். காஸ்டிக் மிஞ்சியிருந்தால் 12 பக்கம் போகும், அதை விற்கக் கூடாது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் நிறம் மாறித் தெரியும், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். "கெமிக்கலே கிடையாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். காஸ்டிக் இல்லாமல் சோப்பு இல்லை, விவரம் தெரிந்தவர் ஒருவர் கீழே கமெண்டில் கேட்டால் மற்ற உண்மையும் பொய்யாகிவிடும். வெண்புள்ளி போகும், படை குணமாகும் என்பதெல்லாம் சட்டச் சிக்கல். குளிக்கும் சோப்பு அழகுசாதனக் கணக்கில் வருவதால் உரிமம் வேண்டும். அந்த உரிம எண்ணை உறையில் நெருங்கிக் காட்டுங்கள்.

காஸ்டிக் கரைக்கும் காட்சி வேண்டாம் என்பேன். வைத்தே ஆகவேண்டுமென்றால் எவர்சில்வர் பாத்திரம், கையுறை, கண்ணாடி. தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொட்ட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அரித்துப் பொங்கும்.

எனக்குப் பிடித்த காட்சி தண்ணீர்தான். வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பல சோப்புகள் அங்கே நுரைக்காது. தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புத் தண்ணீரிலும் நுரை கொடுக்கும். கப்பல்களில் கடல்நீரில் குளிக்க இதைப் பயன்படுத்தியதுண்டு. பம்பிலிருந்து வாளியில் தண்ணீர் பிடிப்பதிலிருந்து வெட்டாமல் எடுங்கள். "அக்கா, இது எங்க ஊர் போர் தண்ணி, பாருங்க" என்று ஒரே வரி. சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் வெள்ளைத் திரை படியும். அதையும் மறைக்காமல், நல்ல தண்ணீரில் கடைசியாக அலசச் சொல்லிவிடுங்கள்.

பாத்திரம் துலக்கும் லிக்விடுக்கு இந்த நுரைக் காட்சி உதவாது. மீன் குழம்பு சட்டியில் ஒரு பாதியைத் துலக்கி, கழுவி, விரலால் தேய்த்துக் காட்டினால் போதும். குளிர்பானப் பாட்டிலில் மட்டும் அடைக்காதீர்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

கடைசி 5 நொடி உறையின் பின்பக்கம்: தயாரித்த மாதம், பேட்ச் எண், விலை, குழுவின் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண். அந்த எண்ணை எடுப்பவர் யார் என்று குழுவில் முதலிலேயே முடிவு செய்துவிட்டு ரீலை ஏற்றுங்கள்.